நாணயத்திலிருந்து நேர்கோட்டுக்கு: மீப்பெரு வாய்ப்பளவு குறித்து

முதலாண்டு ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் பயிற்சி வகுப்பு எடுப்பது என் பொறுப்புகளுள் ஒன்று. உயிரியல், பொருளியல், வேளாண்மை எனப் பல துறைகளிலிருந்தும் வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். முதல் கேள்வி நாணய எடுத்துக்காட்டின்போது வரும்: "மீப்பெரு என்கிறீர்கள், விடையோ 0.002 என்று வருகிறது. இவ்வளவு சிறிய எண் எப்படி மிகப்பெரியது ஆகும்?" இரண்டாவது சில வாரங்கள் கழித்து, நேர்கோடு பொருத்தும்போது வரும்: "இப்போது 18 என்று வருகிறதே, நிகழ்தகவு ஒன்றைத் தாண்டலாமா?"

இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள். அதற்குரிய விடையைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஆய்வேட்டின் ஓர் இயலே ஆட்டம் காணும் என்பதை இவ்வாண்டு மீனியல் படிக்கும் தோழி ஒருவரின் வரைவைப் படித்தபோது கண்டேன். அவருடைய சிக்கலை விளக்க வேண்டுமானால் நாணயத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஆகவே இப்பதிவு சற்று நீளும்.

சொல் குறித்து ஒரு வார்த்தை. லைக்லிஹுட் என்பதற்குத் தமிழில் பல சொற்கள் புழங்குகின்றன. நான் இங்கு 'வாய்ப்பளவு' என்று எழுதுகிறேன். நிகழ்தகவு என்ற சொல்லிலிருந்து அது விலகி நிற்பது இக்கட்டுரைக்குத் தேவை.

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுகிறோம். ஏழு முறை தலை, மூன்று முறை பூ. நாணயம் ஒரு பக்கம் சாய்ந்ததா, நேர்மையானதா என்பது நமக்குத் தெரியாது. தலை விழும் நிகழ்தகவை p என்போம். p இன்னதென்று முன்பே தெரிந்திருந்தால், நாம் கண்ட அதே வரிசையில் தலையும் பூவும் விழுவதற்கான நிகழ்தகவு p⁷(1−p)³ ஆகும். ஒரு சுண்டல் இன்னொன்றைப் பாதிப்பதில்லை என்பதால் பத்து எண்களையும் பெருக்கிவிட்டோம், அவ்வளவுதான்.

இந்தக் கோவையை இரண்டு விதமாகப் படிக்கலாம். p-யை நிலையாக வைத்து, விழக்கூடிய வரிசைகளை மாற்றிக்கொண்டே போனால் அது நிகழ்தகவு. பத்துச் சுண்டல்களுக்கு 1024 வரிசைகள் உண்டு. அவை அனைத்தின் நிகழ்தகவுகளையும் கூட்டினால் சரியாக 1 வரும். மாறாக, விழுந்த வரிசையை நிலையாக வைத்து p-யை மாற்றிக்கொண்டே போனால் அதே கோவை வாய்ப்பளவு ஆகிறது. கேள்வியும் மாறிவிடுகிறது: நாம் கண்ணால் கண்டது இதுதான், எந்த p இதை மற்றவற்றைவிட எளிதில் எதிர்பார்க்க வைத்திருக்கும்?

சில மதிப்புகளைப் போட்டுப் பார்க்கலாம். p = 0.5 என்றால் வாய்ப்பளவு 0.00098. p = 0.6 என்றால் 0.00179. p = 0.7 என்றால் 0.00222. p = 0.8 என்றால் 0.00168. p = 0.9 என்றால் 0.00048. மேடு 0.7-இல் இருக்கிறது. நுண்கணிதமும் அதையே சொல்லும்: மடக்கை எடுத்து வகைக்கெழுவைச் சுழியாக்கினால் 7/p = 3/(1−p) என்று வரும்; அதன் தீர்வு 7/10. ஏழு தலை பத்தில் விழுந்தால் 0.7 என்பது சிறு பிள்ளையும் சொல்லும் விடை. முறையின் பயன் இந்த விடையில் இல்லை. அந்த மேட்டின் வடிவத்தில் இருக்கிறது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். 0.00222 என்பது சிறிய எண்ணா? குறிப்பிட்ட ஒரே ஒரு வரிசையைக் கேட்டதால்தான் அது இவ்வளவு சிறிதாக இருக்கிறது. வரிசையைப் பொருட்படுத்தாமல் 'பத்தில் ஏழு தலை' என்று மட்டும் கேட்டால், அப்படி விழ 120 வழிகள் உண்டு. எல்லா மதிப்புகளையும் 120-ஆல் பெருக்க வேண்டும். அப்போது 0.7-க்கு உரியது 0.267 ஆகிறது, 0.5-க்கு உரியது 0.117 ஆகிறது. மேடு இடம் மாறவில்லை. 0.7-க்கும் 0.5-க்கும் உள்ள விகிதமும் மாறவில்லை. இரண்டு கணக்கிலும் அது ஏறத்தாழ 2.28. அதே தரவு, அதே நாணயம், ஆனால் எண் 120 மடங்கு பெருத்துவிட்டது. ஆகவே அந்த எண்ணுக்குத் தனியே பொருள் இல்லை. ஒரே தரவின் மீது இரண்டு p-க்களை ஒப்பிடும் விகிதத்துக்கு மட்டுமே பொருள் உண்டு.

வாய்ப்பளவு p-யின் நிகழ்தகவு ஆகாது என்பதற்கு இன்னொரு சான்றும் தரலாம். 0 முதல் 1 வரை அந்த வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கணக்கிட்டால் 1/1320 வருகிறது. நிகழ்தகவாக இருந்தால் 1 வந்திருக்க வேண்டும். 'நாணயம் 0.7 சாய்வுடையதாக இருக்கும் நிகழ்தகவு' என்று சொல்ல விரும்புவோர் p குறித்து முன்கூட்டியே ஒரு பரவலைக் கொண்டுவர வேண்டும். அது பேய்ஸ் வழி. ரொனால்டு ஃபிஷர் 1922-இல் இம்முறைக்கு இன்று வழங்கும் பெயரை இட்டபோதே, இந்த அளவு நிகழ்தகவின் விதிகளுக்குக் கட்டுப்படாத வேறொரு பொருள் என்பதில் கண்டிப்பாக இருந்தார். நூறாண்டு கடந்தும் வகுப்பறையில் வழுக்கும் இடம் அதுவே.

2.28 என்ற விகிதம் பெரிதும் அன்று. பத்துச் சுண்டல்களைக் கொண்டு நேர்மையான நாணயத்தைக் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. நூறு முறை சுண்டி எழுபது தலை விழுந்திருந்தால் மேடு அதே 0.7-இல்தான் நிற்கும், ஆனால் 2.28-ஐப் பத்து முறை பெருக்கிக்கொள்ள வேண்டும், விகிதம் 3700-ஐத் தாண்டிவிடும். தரவு கூடக் கூட மேடு கூராகிறது. உச்சி எங்கே என்பதோடு, உச்சியிலிருந்து இறங்கினால் எவ்வளவு இழக்கிறோம் என்பதையும் பார்க்கப் பழக வேண்டும். மூன்றே முறை சுண்டி மூன்றும் தலையாக விழுந்தால் உச்சி p = 1-இல் போய் நிற்கும்; பூ விழவே விழாது என்று முறை சொல்லும். உச்சியை மட்டும் அறிக்கையிடுவதன் ஆபத்து அதுதான்.

இனி நேர்கோடு. நாணயத்தில் எல்லாச் சுண்டல்களுக்கும் ஒரே p. தொடர்புப் போக்கில், அதாவது ரெக்ரஷனில், ஒவ்வோர் அளவீட்டுக்கும் அதற்கே உரிய ஒரு 'நாணயம்' இருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். x மாறும்போது அந்த நாணயத்தின் சாய்வும் மாறுகிறது. ஆனால் எப்படி வேண்டுமானாலும் மாறிவிடாது. A + bx என்ற ஒரே விதியின்படி மாறுகிறது. ஆகவே நாம் தேடுவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான சாய்வை அன்று, எல்லாவற்றையும் ஆளும் a, b என்ற இரண்டு எண்களை.

ஒரு சுருள்வில்லை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் அமைத்த எண்கள் இவை. 100 கிராம் எடைக்கற்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்டு நீட்சியை அளக்கிறோம். ஒரு கல்லுக்கு 2.1 செ.மீ., இரண்டுக்கு 3.9, மூன்றுக்கு 6.2, நான்குக்கு 7.8, ஐந்துக்கு 10.0. கல்லின் எண்ணிக்கை x, நீட்சி y.

நாணயத்துக்குத் தலை, பூ என்ற இரண்டே விளைவுகள். நீட்சிக்கோ எண்ணற்ற விளைவுகள். துல்லியமாக 6.2 வருவதன் நிகழ்தகவு சுழி, 6.2-ஐச் சுற்றியுள்ள ஒரு சிறு இடைவெளியில் விழுவதற்குத்தான் நிகழ்தகவு உண்டு. எனவே நிகழ்தகவின் இடத்தில் அடர்த்தியை வைக்கிறோம். கோடு சொல்லும் மதிப்பைச் சுற்றி அளவீட்டுப் பிழை இயல்நிலைப் பரவலில் சிதறுவதாகவும், அதன் திட்ட விலக்கம் எல்லா இடத்திலும் ஒரே σ என்பதாகவும் கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி கிடைக்கும். ஐந்தையும் பெருக்கினால் வாய்ப்பளவு. நாணயத்தில் செய்த அதே வேலைதான்.

மடக்கை எடுத்தால் பெருக்கல் கூட்டலாகும். இயல்நிலைப் பரவலின் அடர்த்தியில் அடுக்காக இருப்பது விலகலின் வர்க்கம் என்பதால், ஒவ்வொரு புள்ளியும் தன் விலகலின் வர்க்கத்தை 2σ²-ஆல் வகுத்து மொத்தத்திலிருந்து கழிக்கிறது. எஞ்சிய உறுப்புகளில் a-யும் b-யும் இல்லை. ஆக, வாய்ப்பளவை மீப்பெரிதாக்கும் கோடும் விலகல் வர்க்கங்களின் கூட்டலை மீச்சிறிதாக்கும் கோடும் ஒன்றே. இளங்கலையில் காரணம் கேட்காமல் மனனம் செய்த மீச்சிறு வர்க்க முறை இங்கே தன் பிறப்புச் சான்றிதழைக் காட்டுகிறது. இந்த உறவைக் காஸ் 1809-லேயே கண்டிருந்தார். வர்க்கம் வானத்திலிருந்து விழவில்லை. இயல்நிலைப் பரவல் என்ற நம் கருதுகோளிலிருந்து வந்தது. பிழைகளுக்கு லாப்லாஸ் பரவலைக் கருதியிருந்தால் வர்க்கங்களுக்குப் பதில் விலகல்களின் தனிமதிப்புகளைக் கூட்டியிருப்போம். கோடும் சற்று வேறாக இருந்திருக்கும்.

நம் ஐந்து புள்ளிகளுக்கு b = 1.97, a = 0.09. விலகல் வர்க்கங்களின் கூட்டல் 0.091. வாய்ப்பளவு σ²-ஐயும் தானே மதிப்பிட்டுத் தருகிறது: 0.091-ஐ ஐந்தால் வகுத்தால் 0.0182. பாடநூல் 5−2, அதாவது மூன்றால் வகுக்கச் சொல்லும்; அப்போது 0.0303. இரண்டு பண்பளவைகளை இதே தரவிலிருந்து எடுத்துக்கொண்டதற்கு வாய்ப்பளவு ஈடு செய்வதில்லை. ஐந்து புள்ளிகளில் வேறுபாடு பெரிது. ஐந்நூறில் கண்ணுக்கே தெரியாது.

உச்சியிலிருந்து இறங்கினால் எவ்வளவு இழப்பு? ஹூக் விதிப்படி எடையில்லா வில்லுக்கு நீட்சியும் இல்லை; ஆகவே y = 2x என்ற எளிய கோட்டைப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு விலகல் வர்க்கக் கூட்டல் 0.100. σ²-ஐயும் அதற்கேற்ப மதிப்பிட்டுக்கொண்டால் வாய்ப்பளவு விகிதம் (0.091/0.100)-இன் 2.5 அடுக்கு, அதாவது 0.79. உச்சியின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு. 1.97, 0.09 என்ற எண்களை விழா எடுத்துக் கொண்டாட ஒன்றுமில்லை; y = 2x என்பதைத் தரவு மறுக்கவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. இந்தப் பொருத்தத்தின் மடக்கை வாய்ப்பளவு +2.92. வாய்ப்பளவு ஏறத்தாழ 18.6. ஒன்றைத் தாண்டுகிறது, தாண்டலாம். நாம் பெருக்கியது நிகழ்தகவுகளை அன்று, அடர்த்திகளை. அடர்த்தி என்பது 'ஒரு சென்டிமீட்டருக்கு இவ்வளவு' என்ற அலகு தாங்கிய அளவு. சிதறல் σ வெறும் 0.135 செ.மீ. என்பதால் உச்சியில் அடர்த்தி மூன்றை நெருங்குகிறது. அதே நீட்சிகளை மில்லிமீட்டரில் எழுதினால் ஒவ்வோர் அடர்த்தியும் பத்தில் ஒன்றாகும். ஐந்துக்கும் சேர்த்து மடக்கை வாய்ப்பளவு 11.51 குறைந்து −8.59 ஆகிவிடும். வில் மாறவில்லை, கோடு மாறவில்லை, அளவுகோலில் உள்ள கோடுகள்தான் மாறின. நாணயத்தில் 120 செய்த வேலையை இங்கே அளவுகோல் செய்கிறது. 120 எல்லா p-க்களுக்கும் பொது என்பதால் விகிதத்தில் அடிபட்டுப்போனது. அளவுகோலும் இரு மாதிரிகளுக்கும் பொதுவாக இருக்கும்வரை அடிபட்டுப்போகும்.

தோழியின் வரைவு தடுமாறியது இந்த 'இருக்கும்வரை' என்ற சொல்லில்தான். மீனின் நீளத்துக்கும் எடைக்கும் உள்ள உறவை அவர் இரண்டு விதமாகப் பொருத்தியிருந்தார். ஒன்றில் எடையை அப்படியே வைத்தார். மற்றொன்றில் அத்துறையின் வழக்கப்படி எடை, நீளம் இரண்டுக்கும் மடக்கை எடுத்தார். பிறகு இரண்டின் ஏ.ஐ.சி. மதிப்புகளையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து, மடக்கை மாதிரி மிகப் பெரிய வேறுபாட்டில் வென்றது என்று எழுதியிருந்தார். ஏ.ஐ.சி. என்பது பண்பளவைகளின் எண்ணிக்கையை இரட்டித்து, அதிலிருந்து மடக்கை வாய்ப்பளவின் இரட்டிப்பைக் கழித்தது; சிறியதாக இருப்பது மேல். அந்த இயலின் முடிவுரை முழுவதும் அந்த வெற்றியின் மீது எழுப்பப்பட்டிருந்தது. அவருடைய தரவை இங்கே தருவது முறையன்று. அதே சிக்கலை நம் சுருள்வில்லே காட்டிக்கொடுக்கும்.

```
x <- 1:5
y <- c(2.1, 3.9, 6.2, 7.8, 10.0)
logLik(lm(y ~ x))                          # 2.92
logLik(lm(log(y) ~ log(x)))                # 11.27
logLik(lm(log(y) ~ log(x))) - sum(log(y))  # 2.99
```

முதல் மாதிரிக்கு 2.92, மடக்கை மாதிரிக்கு 11.27. இரண்டிலும் பண்பளவைகள் மூன்று: a, b, σ. ஆகவே ஏ.ஐ.சி. வேறுபாடு 16.7. பழக்கத்தின்படி படித்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் முதல் மாதிரி y-யின் அடர்த்தியைப் பேசுகிறது, இரண்டாவது y-யின் மடக்கையினுடைய அடர்த்தியைப் பேசுகிறது. மடக்கை எடுப்பதும் அளவுகோலை மாற்றுவதே. இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் மாற்றுகிறது என்பது மட்டுமே வேறுபாடு. y = 10-ஐச் சுற்றி 0.1 செ.மீ. அகலமுள்ள இடைவெளி, மடக்கை அளவுகோலில் 0.01 அகலமாகச் சுருங்குகிறது. அதனுள் இருக்கும் நிகழ்தகவு மாறவில்லை. அகலம் பத்தில் ஒன்றானதால் அடர்த்தி பத்து மடங்காகத் தெரிகிறது. பொதுவாகச் சொன்னால் ஒவ்வொரு புள்ளியிலும் அடர்த்தி y மடங்கு பெருக்கிக் காட்டப்படுகிறது.

திருத்தமும் அங்கேயே இருக்கிறது. மடக்கை மாதிரியின் அடர்த்திகளை y-யின் அளவுகோலுக்குத் திருப்ப வேண்டுமானால் ஒவ்வொன்றையும் அதன் y-யால் வகுக்க வேண்டும். மடக்கையில் இது கழித்தல்: y-க்களின் மடக்கைகளைக் கூட்டிக் கழித்துவிடலாம். நம் தரவில் அந்தக் கூட்டல் 8.28. ஆகவே 11.27 என்பது 2.99 ஆகிறது. இப்போது ஒப்பிடலாம்: 2.92, 2.99. வேறுபாடு 0.07, விகிதமாகச் சொன்னால் 1.07. பதினாறு புள்ளிகளுக்கு மேல் தெரிந்த வெற்றி, ஏ.ஐ.சி. கணக்கில் 0.14 ஆகச் சுருங்கிவிட்டது. இரண்டு மாதிரிகளையும் பிரித்துச் சொல்ல இந்த ஐந்து புள்ளிகளால் இயலாது.

மென்பொருள் இதை எச்சரிக்காது. கொடுத்த மாதிரிக்கு உரிய எண்ணைச் சரியாகவே கணக்கிட்டுத் தருகிறது. இரண்டு எண்களை அருகருகே வைப்பது நாம். ஆனால் நாமே கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றுண்டு. y-யின் அலகை மாற்றி மீண்டும் ஓட்டிப் பாருங்கள். சென்டிமீட்டரை மில்லிமீட்டராக்கினால் முதல் மாதிரியின் மடக்கை வாய்ப்பளவு 2.92-இலிருந்து −8.59-க்கு இறங்கும். மடக்கை மாதிரியிலோ பத்தால் பெருக்குவது வெறும் இடப்பெயர்ச்சி. A அதை ஏற்றுக்கொள்ளும், 11.27 அசையாது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 8.35-இலிருந்து 19.86-க்குத் தாவிவிடும். அலகை மாற்றினால் மாறிவிடும் ஒரு முடிவு, வில்லைப் பற்றியதாகவோ மீனைப் பற்றியதாகவோ இருக்க முடியாது. திருத்திய மதிப்புகளில் இதே சோதனையைச் செய்தால் இரண்டும் ஒரே அளவு இறங்கும், 0.07 அப்படியே நிற்கும்.

தோழி தம் தரவில் இந்தக் கழித்தலைச் செய்தார். வேறுபாடு பெருமளவு சுருங்கியது. ஆனாலும் மடக்கை மாதிரியே முன்னே நின்றது. காரணத்தை எச்சங்களின் வரைபடம் காட்டியது. சிறு மீன்களின் எடை கோட்டை ஒட்டி நெருக்கமாகவும், பெரிய மீன்களின் எடை அகன்றும் சிதறியிருந்தது. எல்லா இடத்திலும் ஒரே σ என்று முதல் மாதிரி எடுத்துக்கொண்ட கருதுகோள் அங்கே பொருந்தவில்லை. மடக்கை அளவுகோலில் சிதறல் ஏறத்தாழச் சீரானது. முடிவு நிலைத்தது, அதன் காரணம் மாறியது. 'ஏ.ஐ.சி. மிகக் குறைவு' என்ற ஒற்றை வரியின் இடத்தில், எடையோடு சிதறலும் வளர்கிறது என்ற உயிரியல் செய்தி வந்து உட்கார்ந்தது. வாய்மொழித் தேர்வில் நின்று விளக்கக்கூடியது இரண்டாவதுதான்.

ஒரு வரையறையையும் சொல்லிவிட வேண்டும். அளவுகோலைச் சரிசெய்துவிட்டாலும் வாய்ப்பளவு நாம் முன்வைத்த மாதிரிகளுக்குள் மட்டுமே தீர்ப்புச் சொல்லும். எல்லா மாதிரிகளும் மோசமானவையாக இருந்தால் அவற்றுள் குறைந்த மோசத்தைத் தேர்ந்தெடுத்துத் தரும். மோசம் என்று சொல்லாது. அதைச் சொல்வது எச்சங்களின் வரைபடம். அதேபோல், வில்லை இரண்டு முறை அளந்து அந்த இரண்டையும் சாரா அளவீடுகளாகப் பெருக்கினால், இல்லாத தகவலை இருப்பதாக எண்ணி மேடு பொய்யாகக் கூராகும். பெருக்கல் குறி ஒவ்வொன்றுக்கும் அடியில் 'ஒன்று மற்றொன்றைப் பாதிக்கவில்லை' என்ற ஓர் உறுதிமொழி கிடக்கிறது. நாணயத்தில் அதை யாரும் ஐயுறுவதில்லை. ஒரே குளத்தில், ஒரே வலையில், ஒரே நாளில் பிடித்த மீன்களுக்கு அந்த உறுதிமொழியைத் தரலாமா என்பதைத் தோழி இப்போது தம் அடுத்த இயலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.